மூன்று நிரையும் ஒத்துவர வேண்டும்

பொறியியல் முதல் பருவத்தில் ‘எம்-1’ எழுதியவர்களுக்கு இந்த ஒன்பது எண்களை எங்கேயோ பார்த்த நினைவு வரும்:

```
 8  -6   2
-6   7  -4
 2  -4   3
```

நம் நாட்டுப் பொறியியல் கணிதப் புத்தகங்களில் ‘ஐகன் மதிப்பு, ஐகன் வெக்டர் காண்க’ என்ற கேள்விக்குக் கீழே திரும்பத் திரும்ப வரும் அணி இது. போகும் வழி எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டதுதான். முதலில் சிறப்பியல்புச் சமன்பாடு. அது முப்படிச் சமன்பாடாக வரும். அதன் மூன்று மூலங்களையும் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மூலத்துக்கும் மூன்று சமன்பாடுகளைத் தீர்த்து ஒரு வெக்டரை எடுக்க வேண்டும். விடைத்தாளில் ஒன்றரைப் பக்கத்துக்குக் குறையாமல் இடம் பிடிக்கும் வேலை. நடுவில் எங்காவது ஒரு கழித்தல் குறி நழுவினால் கடைசி வரி தப்பாகிவிடும். தப்பான கடைசி வரிக்கும் சரியான கடைசி வரிக்கும் தோற்றத்தில் எந்த வித்தியாசமும் இருக்காது என்பதுதான் சங்கடம். இரண்டுமே அடைப்புக்குறிக்குள் மூன்று முழு எண்களாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்த வகைக் கணக்கில் மாணவர் கையில் ஒரு வசதி இருக்கிறது. விடை சரியா என்று தெரிந்துகொள்ளப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை, பக்கத்து மேசைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. கண்டுபிடித்த வெக்டரைக் கேள்வியில் உள்ள அணியோடு பெருக்கிப் பார்த்தால் போதும். ஒன்பது பெருக்கல், ஆறு கூட்டல். ஒன்றரைப் பக்க வேலையை மூன்று வரியில் சோதித்துவிடலாம்.

பெருக்கினால் என்ன தெரியும்? ஐகன் மதிப்பு என்பதன் பொருளே அதில் அடங்கியிருக்கிறது. ஒரு ரப்பர் தாளின் நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் அம்புக்குறிகள் வரைந்துவிட்டு, தாளைக் கோணலாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அம்புகள் நீளமும் மாறித் திசையும் மாறிப்போகும். ஆனால் ஒன்றிரண்டு அம்புகள் நின்ற திசையிலேயே நிற்கும். நீளம் மட்டும் கூடும் அல்லது குறையும். அணி என்பது இப்படி இழுக்கிற வேலையைச் செய்யும் எண்களின் கட்டு. திசை மாறாமல் நின்ற அம்பு ஐகன் வெக்டர். அது எத்தனை மடங்கு நீண்டது என்ற எண் ஐகன் மதிப்பு. அதை λ என்று எழுதுவார்கள், லாம்டா என்று படிப்பார்கள். மடங்கு எதிர்மறை எண்ணாக வந்தால் அம்பு அதே கோட்டில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். இத்தனையையும் ஒரே வரியில் Av = λv என்று எழுதிவிடலாம். அணியால் பெருக்கினாலும், வெறும் எண்ணால் பெருக்கினாலும் ஒரே விடை வர வேண்டும்.

சின்ன அணியில் கை பழகிக்கொள்ளலாம். மேல் நிரையில் 4, 1. கீழ் நிரையில் 2, 3 என்று ஓர் அணி. இதற்கு λ = 5 என்றும் வெக்டர் (1, 1) என்றும் ஒருவர் விடை எழுதியிருக்கிறார். மேல் நிரையை வெக்டரோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் 4×1 + 1×1 = 5. கீழ் நிரை 2×1 + 3×1 = 5. கிடைத்தது (5, 5). அது (1, 1)-இன் ஐந்து மடங்கு, எனவே விடை சரி. இன்னொரு ஐகன் மதிப்பு 2, அதற்குரிய வெக்டர் (1, −2). இதே வழியில் பெருக்கினால் (2, −4) வரும். இரண்டு மடங்கு, இதுவும் சரி. அந்த மைனஸை விட்டுவிட்டு (1, 2) என்று எழுதியிருந்தால் (6, 8) வந்திருக்கும். 1 ஆறு மடங்காகவும் 2 நான்கு மடங்காகவும் ஆகியிருக்கிறது. ஒரே வெக்டரின் இரண்டு உறுப்புகள் இரண்டு வேறு மடங்கில் நீண்டால் திசை மாறிவிட்டது என்றுதான் பொருள்.

இனி அந்த ஒன்பது எண்களுக்கு வருவோம். அதன் ஐகன் மதிப்புகள் 0, 3, 15. அவற்றுக்குரிய வெக்டர்கள் முறையே (1, 2, 2), (2, 1, −2), (2, −2, 1). நடுவில் உள்ள 3-ஐ எடுத்துச் சோதித்தால் இப்படி வரும்:

8×2 − 6×1 + 2×(−2) = 6
−6×2 + 7×1 − 4×(−2) = 3
2×2 − 4×1 + 3×(−2) = −6

கிடைத்த (6, 3, −6) என்பது (2, 1, −2)-இன் மூன்று மடங்கு. மூன்று நிரையும் ஒத்துவந்துவிட்டது.

இப்போது ஒரு சறுக்கலை நெருங்கிப் பார்க்கலாம். இந்த வெக்டரைக் கண்டுபிடிக்க மாணவர்கள் முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள 8, 7, 3 ஆகியவற்றிலிருந்து 3-ஐக் கழித்துவிட்டு, முதல் இரண்டு நிரைகளைக் குறுக்குப் பெருக்கல் முறையில் தீர்ப்பார்கள். x = 16, y = 8 என்று வரும். கடைசியில் z வரும் இடத்தில் 5×4-இலிருந்து (−6)×(−6)-ஐக் கழிக்க வேண்டும்; 20 − 36 = −16. அவசரத்தில் 36-இலிருந்து 20-ஐக் கழித்துவிட்டால் +16. எட்டால் வகுத்து (2, 1, 2) என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்கள். இதை அணியோடு பெருக்கினால் (14, −13, 6) வருகிறது. மூன்று மடங்காக இருந்திருந்தால் (6, 3, 6) வந்திருக்க வேண்டும். முதல் நிரையில் 6 வர வேண்டிய இடத்தில் 14, இரண்டாவதில் 3 வர வேண்டிய இடத்தில் −13. விடை தப்பு என்று உடனே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது நிரையைக் கவனிக்க வேண்டும். அங்கே 6 வர வேண்டும், 6-தான் வந்திருக்கிறது. நேரம் இல்லை என்று ஒரே ஒரு நிரையைப் பெருக்கிப் பார்த்து, அது மூன்றாவது நிரையாக அமைந்திருந்தால், தப்பான விடைக்கு ‘சரி’ போட்டிருப்பார்கள். இது தற்செயல் அல்ல. மூலைவிட்டத்தில் 3-ஐக் கழித்தபோது மூன்றாவது நிரையின் கடைசி உறுப்பு 3 − 3 = 0 ஆகிவிட்டது. அதாவது λ = 3 எனும்போது அந்த நிரைக்கு z என்ன எண் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. z −2 ஆனாலும் 2 ஆனாலும் 200 ஆனாலும் அது ஒத்துவரும். z-இல் நடந்த தவறைக் கண்டுபிடிக்க அந்த நிரையால் முடியவே முடியாது. அதனால்தான் பாதிச் சோதனை இந்த விஷயத்தில் சோதனையே ஆகாது.

வெக்டரில் வருகிற தவறைவிட மோசமானது ஐகன் மதிப்பிலேயே வருகிற தவறு. இந்த அணியின் சிறப்பியல்புச் சமன்பாடு λ³ − 18λ² + 45λ = 0. இதில் 18 என்பது மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல். 45 என்பது மூலைவிட்டத்தை ஒட்டிய மூன்று சிறு அணிக்கோவைகளின் கூடுதல்; அவை 56 − 36 = 20, 24 − 4 = 20, 21 − 16 = 5. அந்தக் கடைசி ஐந்தில்தான் வில்லங்கம். (−4)×(−4) என்பதில் இரண்டு மைனஸ்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்பி 21 + 16 = 37 என்று எழுதிவிட்டால், 45-க்குப் பதில் 77 வரும். λ² − 18λ + 77 அழகாகக் காரணிப்படுகிறது, 7, 11. பின்னமோ வர்க்கமூலமோ இல்லாத, பார்க்கவே நம்பத் தோன்றும் எண்கள். ஆக ஐகன் மதிப்புகள் 0, 7, 11 என்று ஆகிவிடுகிறது.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு குறுக்குச் சோதனைகள் உண்டு. ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும். அவற்றின் பெருக்கல் அணிக்கோவையின் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். 0 + 7 + 11 = 18. மூலைவிட்டக் கூடுதலும் 18. பெருக்கினால் 0, இந்த அணியின் அணிக்கோவை மதிப்பும் 0. இரண்டு சோதனையிலும் தப்பான விடை தேறிவிட்டது! பட்டியலில் ஒரு பூச்சியம் இருந்தால் மற்ற இரண்டு எண்கள் எதுவாக இருந்தாலும் பெருக்கல் பூச்சியம்தான். எனவே அந்தச் சோதனைக்கு அங்கே வேலையே இல்லை. கூடுதல் சோதனைக்கோ 18-ஐ எப்படிப் பிரித்தாலும் சம்மதம். இவை விரைவாகச் செய்யக்கூடிய நல்ல சோதனைகள்தான். தேறாவிட்டால் விடை தப்பு என்பது உறுதி. தேறிவிட்டால் விடை சரி என்று சொல்ல அவற்றால் முடியாது.

சரி, 7-ஐ உண்மையென்று நம்பி வெக்டரைத் தேடினால் என்ன நடக்கும்? மூலைவிட்டத்தில் 7-ஐக் கழித்துவிட்டு, வழக்கம்போல் முதல் இரண்டு நிரைகளைக் குறுக்குப் பெருக்கினால் (24, −8, −36) வரும். நான்கால் வகுத்தால் (6, −2, −9). எந்தத் தடங்கலும் இல்லாமல் ஒரு வெக்டர் கிடைத்துவிட்டது. இல்லாத ஐகன் மதிப்புக்கு இல்லாத ஐகன் வெக்டர்! இதைக் கேள்வி அணியோடு பெருக்கிப் பார்க்கலாம். முதல் நிரை 42. அது 6-இன் ஏழு மடங்கு, சரி. இரண்டாவது நிரை −14. அது −2-இன் ஏழு மடங்கு, அதுவும் சரி. மூன்றாவது நிரையில் −9-இன் ஏழு மடங்காக −63 வர வேண்டும், வந்ததோ −7.

இங்கேயும் காரணம் தெளிவானது. வெக்டரை உண்டாக்கியதே முதல் இரண்டு நிரைகளை வைத்துத்தான். மூன்று எண்களுக்கு இரண்டு நிபந்தனை போட்டால் எப்போதும் ஒரு விடை கிடைக்கும், λ எந்த எண்ணாக இருந்தாலும். அந்த இரண்டு நிரைகள் சோதனையில் ஒத்துவருவதில் ஆச்சரியமும் இல்லை, தகவலும் இல்லை. λ உண்மையான ஐகன் மதிப்பா என்பதைச் சொல்லக்கூடியது, கணக்குப் போடும்போது தொடாமல் விட்ட நிரை மட்டும்தான். குறுக்குப் பெருக்கலுக்கு எந்த இரண்டு நிரையைப் பயன்படுத்தினோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சமுள்ள நிரையை முதலில் சோதிப்பது கெட்டிக்காரத்தனம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. சோதனையைக் கேள்வியில் கொடுத்த அணியில்தான் செய்ய வேண்டும். சிலர் மூலைவிட்டத்தில் λ-வைக் கழித்த பிறகு வரும் அணியை எடுத்து, அதோடு வெக்டரைப் பெருக்கிப் பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கொள்கையளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் அந்த இரண்டாவது அணியை எழுதியவர் மாணவரே. எழுதும்போது −4-ஐ 4 என்று மாற்றி எழுதியிருந்தால், சோதனையிலும் அதே 4 வந்து நிற்கும். தவறு தவறோடு ஒத்துப்போகும்.

சோதனையில் வரும் எண்கள், தவறு எந்த வகை என்பதையும் பல நேரம் சொல்லிவிடும். மூன்று நிரையும் மூன்று வேறு மடங்குகளைக் காட்டினால் வெக்டர் தப்பு. முதல் இரண்டு நிரை ஒத்துவந்து, தொடாத நிரை மட்டும் முரண்டினால் λ மேலேயே சந்தேகப்பட வேண்டும். அப்போது சிறப்பியல்புச் சமன்பாட்டுக்கே திரும்பிப் போவதுதான் வழி. மூன்று நிரையும் ஒரே மடங்கைக் காட்டி, அந்த மடங்கு மட்டும் எழுதிய λ-வாக இல்லாமல் போவதும் உண்டு. 15-க்கு எதிரே (2, 1, −2) என்று எழுதியிருந்தால் எல்லா நிரையும் 3 மடங்கு என்று சொல்லும். வெக்டர் உண்மையானதுதான், ஜோடிதான் மாறிப்போயிருக்கிறது. இந்த மாணவர் எதையும் மறுபடி கணக்கிட வேண்டியதில்லை, இடம் மாற்றி எழுதினால் போதும்.

ஒப்பிடும்போது வகுத்துப் பார்ப்பதைவிட λ-வால் பெருக்கிப் பார்ப்பது நல்லது. λ = 0 எனும்போது (1, 2, 2)-ஐ அணியோடு பெருக்கினால் (0, 0, 0) வரும். அது 0×(1, 2, 2) என்பதற்குச் சமம், எனவே சரி. இதைப் பார்த்துப் பயந்து விடையை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஐகன் மதிப்பு பூச்சியமாக இருக்கலாம். ஐகன் வெக்டர்தான் பூச்சியமாக இருக்கக் கூடாது. (0, 0, 0) என்ற வெக்டரை எந்த அணியோடு, எந்த λ-வோடு சோதித்தாலும் தேறிவிடும். அதனால் பிரதியிடுவதற்கு முன்பே வெக்டரில் ஓர் உறுப்பாவது பூச்சியம் அல்லாததாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். மூன்று சமன்பாடுகளையும் ஒழுங்காகத் தீர்த்த பிறகும் (0, 0, 0) தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால், பிடித்துவைத்த λ ஐகன் மதிப்பே அல்ல.

விடை புத்தகத்தோடு ஒத்துப்போகாதபோதுதான் இந்தச் சோதனை மிகவும் உதவுகிறது. இன்னொரு பழைய அணியை எடுத்துக்கொள்வோம். நிரைகள் (6, −2, 2), (−2, 3, −1), (2, −1, 3). இதன் ஐகன் மதிப்புகள் 8, 2, 2. இரண்டு என்பது இருமுறை வருகிறது. அதற்கு ஒரு புத்தகம் (0, 1, 1), (1, 2, 0) என்று விடை போட்டிருக்கலாம். மாணவி ஒருவர் தன் தாளில் (0, 1, 1), (1, 1, −1) என்று எழுதியிருக்கலாம். யார் சரி? (1, 1, −1)-ஐப் பெருக்கினால் 6 − 2 − 2 = 2, −2 + 3 + 1 = 2, 2 − 1 − 3 = −2. சரியாக இரண்டு மடங்கு. புத்தகத்தின் (1, 2, 0)-ஐப் பெருக்கினால் (2, 4, 0). அதுவும் இரண்டு மடங்கு. இருவருமே சரி. இந்த அணியில் 2 என்ற ஐகன் மதிப்புக்கு ஒற்றைத் திசை இல்லை, ஒரு தளமே இருக்கிறது. 2x − y + z = 0 என்ற அந்தத் தளத்தில் கிடக்கும் எந்த வெக்டரும் இரண்டு மடங்காகும். இப்படி மதிப்பு திரும்ப வரும் இடங்களில் மாணவர்கள் தங்கள் சரியான விடையைத் தாங்களே அடித்துவிட்டுப் புத்தக விடையை வரவழைக்கப் போராடுவது பரிதாபமான காட்சி.

அதே அணியில் ஒருவர் (0, 1, 1), (0, 2, 2) என்று எழுதினால்? இரண்டும் சோதனையில் தேறும். ஆனால் இரண்டாவது முதலாவதன் இரண்டு மடங்கு, புதிய திசையே அல்ல. பிரதியிடும் சோதனையின் எல்லை இங்கே தெரிகிறது. எழுதிய ஒவ்வொரு ஜோடியும் உண்மையா என்பதை அது சொல்லும். எல்லா ஜோடியும் வந்துவிட்டனவா என்று சொல்லாது. அந்தப் பட்டியல் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். முன்பு குறை சொன்ன கூடுதல் சோதனை இந்த இடத்தில் கைகொடுக்கும்: மூலைவிட்டம் 6 + 3 + 3 = 12, மதிப்புகள் 8 + 2 + 2 = 12. ஒரு 2-ஐ விட்டிருந்தால் 10-தான் வந்திருக்கும்.

கையால் போடும் கணக்கு இதுவரை. வேலைக்களத்தில் அணிகள் இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. கணினிதான் தீர்க்கிறது, விடை தசமத்தில்தான் வருகிறது. பைத்தானில் NumPy வைத்திருப்பவர்கள் முதல் அணியை இப்படிச் சோதிக்கலாம்:

```python
import numpy as np
A = np.array([[8,-6,2],[-6,7,-4],[2,-4,3]])
w, V = np.linalg.eig(A)
for i in range(3):
    print(w[i], V[:, i], A @ V[:, i] - w[i] * V[:, i])
```

திரையில் (1, 2, 2) என்பதற்குப் பதில் 0.333, 0.667, 0.667 என்ற வகை எண்கள் வரும். மூன்றுமே மைனஸாகவும் வரலாம். வெக்டரின் நீளம் 1 ஆக இருக்கும்படி நிரல் அதைச் சுருக்கித் தருகிறது. திசை அதேதான், எனவே சோதனைக்கு அதுவும் சரி. கவனிக்க வேண்டியது வேறொன்று. வெக்டர்கள் V-இன் நிரல்களில், அதாவது மேலிருந்து கீழாக, இருக்கின்றன. V[:, i] என்பதற்குப் பதில் V[i] என்று எழுதினால் நிரையை எடுத்துவிடும். முதல் முறை பயன்படுத்துகிறவர்களில் பலர் விழும் பள்ளம் இது; பிரதியிட்டுப் பார்த்தால்தான் விழுந்ததே தெரியவரும்.

கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதை மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் அது சுத்தமான பூச்சியமாக வராது. 10⁻¹⁵ என்ற அளவில் ஏதோ ஒரு தூசி நிற்கும். பதினைந்து பதினாறு இலக்கங்களுக்கு மேல் கணினி வழக்கமாக எண்களை வைத்துக்கொள்வதில்லை என்பதால் வரும் தூசி அது. எவ்வளவு மிச்சத்தைப் பொறுக்கலாம் என்பது எத்தனை இலக்கம் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 15-க்குரிய வெக்டரை ஒருவர் (0.67, −0.67, 0.33) என்று இரண்டு தசம இடத்தோடு எழுதியிருந்தால், பெருக்கல் (10.04, −10.03, 5.01) தரும், வர வேண்டியது (10.05, −10.05, 4.95). கடைசி இடத்தில் 0.06 வித்தியாசம். வெக்டரின் ஒவ்வோர் உறுப்பிலும் சுமார் 0.003 வெட்டுப்பட்டிருக்கிறது, அணியின் எண்கள் அதைப் பதினைந்து இருபது மடங்கு பெருக்கிக் காட்டுகின்றன. எனவே 0.06 என்பது எதிர்பார்க்க வேண்டியதே. குறி மாறிப்போனால் வரும் வித்தியாசமோ முன்பு பார்த்ததுபோல் எட்டு, பதினாறு என்று இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

மிச்சம் சிறியது என்றால் ஐகன் மதிப்பும் அதே அளவு துல்லியம் என்று சொல்லிவிடலாமா? மேலே பார்த்த இரண்டு 3×3 அணிகளுக்கும் சொல்லலாம். அவை சமச்சீர் அணிகள். மூலைவிட்டத்தின் இரு பக்கமும் ஒரே எண்கள். நீளம் 1 உள்ள வெக்டரை வைத்துச் சோதிக்கும்போது, சமச்சீர் அணியில் மிச்சத்தின் நீளம் எவ்வளவோ அந்தத் தூரத்துக்குள் ஓர் உண்மையான ஐகன் மதிப்பு நிச்சயம் இருக்கும். இது நிரூபிக்கப்பட்ட தேற்றம்.

சமச்சீர் இல்லாத அணியில் அந்த உத்தரவாதம் கிடையாது. மேல் நிரையில் 1, 1000000. கீழ் நிரையில் 0, 1 என்று ஓர் அணி. மூலைவிட்டத்துக்குக் கீழே பூச்சியம் என்பதால் மூலைவிட்ட எண்களே ஐகன் மதிப்புகள். 1 மட்டும்தான், இருமுறை. ஆனால் ஒருவர் λ = 1.001 என்றும் வெக்டர் (1, 0.000000001) என்றும் விடை தருகிறார். பிரதியிட்டால் மேல் நிரை 1 + 0.001 = 1.001, துளி பிசகில்லை. கீழ் நிரையில் 10⁻⁹ கிடைக்கிறது. வர வேண்டியது 1.001×10⁻⁹. வித்தியாசம் 10⁻¹², லட்சம் கோடியில் ஒரு பங்கு. np.allclose என்று கேட்டால் True என்றுதான் பதில் வரும். ஐகன் மதிப்பிலோ ஆயிரத்தில் ஒரு பங்கு தவறு இருக்கிறது. மிச்சத்தைவிட நூறு கோடி மடங்கு பெரிய தவறு.

சோதனை பொய் சொல்லிவிட்டதா? இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன் இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1965-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறைக்கே அடிப்படை. 1970-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. கிடைத்த விடை எவ்வளவு தவறு என்று கேட்பதற்குப் பதில், எந்த அணிக்கு இந்த விடை முழுக்கச் சரியாக இருக்கும் என்று கேட்கலாம். நம் அணியில் கீழ் நிரையின் 0-ஐ எடுத்துவிட்டு 10⁻¹² வைத்துப் பார்த்தால், ஐகன் மதிப்புகள் துல்லியமாக 1.001, 0.999 ஆகிவிடுகின்றன. (1, 10⁻⁹) என்ற வெக்டரும் அதற்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. பிரதியிட்டபோது வந்த மிச்சம் 10⁻¹². அணியில் செய்ய வேண்டியிருந்த மாற்றமும் 10⁻¹². மிச்சம் அளந்து சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

அந்தப் பூச்சியம் கணக்குக்காக எழுதிய சுத்தமான பூச்சியம் என்றால் 1.001 தவறான விடை. ஆய்வுக்கூடத்தில் அளந்து, ஆறு தசம இடம் வரை பார்த்து 0.000000 என்று குறித்துக்கொண்டது என்றால் கதை வேறு. அந்த அளவீட்டுக்குள் 10⁻¹² ஒளிந்திருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது 1.001 என்று எழுதியவரையும் 1 என்று எழுதியவரையும் ஒருவருக்கொருவர் மேல் என்று சொல்ல அந்த அணியில் ஆதாரம் இல்லை.